ரோலர் அண்ணன் சொன்ன ஒரு சொல்

ரோலர் அண்ணன் எந்தக் கேள்விக்கும் ஒரு சொல்லுக்கு மேல் பதில் சொல்ல மாட்டார். சாப்பிட்டாச்சா என்றால், "ஆச்சு." மகள் எப்படி இருக்கிறாள் என்றால், "இருக்கா." மெஷினை அணைத்தது யார் என்றால், "நான்தான்." கேட்டவர் இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, வராது என்று தெரிந்ததும் நகர்ந்துவிடுவார்.

மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக் கூடத்தில் இதை முதலில் கவனித்தவள் மடிப்பு மேசைக்காரிதான். அவளுடைய மேசை ரோலருக்கு நேர் எதிரே இருந்தது. சூடேறிய உருளைகளுக்குள் அவர் ஈரப் படுக்கை விரிப்பை ஒரு பக்கம் கொடுப்பார். அது தேய்த்துக் காய்ந்து மறுபக்கம் வரும். அவள் நுனி பிடித்து மடிப்பாள். இத்தனை வருடம் ஒரே துணியின் இரண்டு முனைகளில் நின்றவர்கள். அவர் பேசிய சொற்களை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம்.

பேசாமல் இருப்பதில் அவளும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. கூடத்தில் அவளுக்கு 'சைலண்ட்' என்று பெயர். வைத்தவள் பக்கத்து மேசையில் மடித்த துணிகளைக் கட்டுப் போடுகிறவள். அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். அதை யாரும் வைக்கவில்லை, தானாக வந்தது.

"போனைத்தான் சைலண்ட்ல போடுவாங்க, உன்னை யாருடி போட்டது?" என்பாள் ரேடியோ.

சைலண்ட் சிரிப்பாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். அம்மா படுத்த படுக்கையானபோது பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டியவள், பிறகு அதை எடுக்கவே இல்லை. ஆனால் வாசிப்பதை மட்டும் விடவில்லை. பொட்டலம் கட்டி வந்த காகிதம், சோப்புத்தூள் பீப்பாயின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை, பேருந்தில் முன்னால் இருப்பவரின் செய்தித்தாள், எதையும் விட மாட்டாள். கூடத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவையும் அப்படித்தான். காலை வணக்கப் பூக்களிலிருந்து ஷிப்ட் மாற்றம்வரை ஒன்றுவிடாமல் படிப்பாள். ஒன்றுகூட எழுத மாட்டாள்.

ஒரு வருடம் சூப்பர்வைசர் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சை நடந்தது. படுக்கையிலும் போனைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டாம் நம்பர் மெஷின்ல கசிவு நின்னுச்சா?" என்று கேட்டவரைப் பார்த்து மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மாவின் போனைப் பிடுங்கி, குழுவிலிருந்தே அவரை வெளியேற்றிவிட்டாள். உடம்பு தேறித் திரும்பியபோது மறுபடி சேர்த்தார்கள். ஆனால் இடையில் நடந்த பேச்சு எதுவும் அவர் போனில் இல்லை.

வந்த அன்றே மேசைமேல் ஒரு புகார் காத்திருந்தது. பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கு ஒரு வண்டி நிறைய ஈரவிரிப்புகள் போயிருக்கின்றன. யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை என்று மருத்துவமனை எழுத்தில் கேட்டிருந்தது. அது நடந்தது மாலை ஷிப்டில். அந்த வாரம் ரோலர் அண்ணன் மாலை ஷிப்டு, சைலண்டும் ரேடியோவும் காலை ஷிப்டு.

சூப்பர்வைசர் அக்கா நேராக மடிப்பு மேசைக்கு வந்தார்.

"நீ குரூப்ல ஒரு புள்ளிகூட விடாம படிப்பியாமே?"

"படிப்பேன்கா."

"அப்ப நீதான் ஆளு. நான் இல்லாதப்ப என்னதான் நடந்துச்சு? அந்தப் பேச்சு முழுசையும் உன் போன்லருந்து எடுத்து ஆபீசுக்கு அனுப்பு. அச்செடுத்துத் தரச் சொல்றேன். படிச்சுட்டு ஒரு பக்கத்துல எழுதிக் குடு. எனக்கு இந்தக் குட் மார்னிங் குப்பைய எல்லாம் கிளற உடம்புல தெம்பில்ல."

சைலண்ட் தலையாட்டினாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவளிடம் எழுதிக் கொடு என்று கேட்ட முதல் ஆள் இவர்தான்.

குழுவின் பேச்சைப் படங்கள் இல்லாமல் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து அனுப்பினாள். அலுவலகத்திலிருந்து ஒரு கனமான கட்டு வந்தது. தேதி, நேரம், பெயர், பேச்சு என்று வரிவரியாக இருந்தது. பெயர்கள் அவள் தன் போனில் சேமித்திருந்தபடியே 'ரோலர் அண்ணன்', 'ரேடியோ', 'வண்டி டிரைவர்' என்று வந்திருந்தன. அவள் சேமிக்காத புது ஆட்கள் வெறும் எண்களாக நின்றார்கள். படம் இருந்த இடங்களில் படம் விடப்பட்டது என்றும், சில இடங்களில் இந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்றும் இருந்தது. சிரிப்பு முகங்கள், கும்பிடும் கைகள், பூக்கள் எல்லாம் அந்த அச்சு இயந்திரத்துக்குப் பிடிபடாமல், சின்னச்சின்னக் காலிக் கட்டங்களாக விழுந்திருந்தன. கட்டங்களை ஒதுக்கிவிட்டுப் படிப்பது சுலபமாகவே இருந்தது.

ஈரத்துணி வந்த மாலையை அவள் பென்சிலால் வட்டமிட்டாள். முதலில் வண்டி டிரைவர், ஸ்டோர் சாவியை எடுத்தது யார் என்று கேட்டிருந்தார். பிறகு யாருக்கோ பிறந்தநாள். வாழ்த்துகள் வரிசையாக வந்தன. பிறகு வார்டிலிருந்து வந்த புகாரை ஒருவர் போட்டு, கீழேயே கேட்டிருந்தார்: "இந்த ஈரத்துணிய கட்டி அனுப்பினது யாரு?"

அடுத்த வரி: "ரோலர் அண்ணன்: நான்தான்."

அதற்கடுத்து ஓர் எண்ணிலிருந்து வந்த செய்தி அழிக்கப்பட்டிருந்தது. பிறகு ரேடியோ: "வேணும்னே பண்ண மாதிரி இருக்கே", பக்கத்தில் இரண்டு கட்டங்கள். பிறகு மூன்று பேர் "சரி" என்றிருந்தார்கள். அதோடு பேச்சு ஷிப்ட் மாற்றத்துக்குப் போய்விட்டது.

அன்றிரவு வீட்டில் சைலண்ட் எழுத உட்கார்ந்தாள். நாத்தனார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன அண்ணி, கலெக்டர் பரீட்சையா?" என்றாள். "ஆபீஸ் வேலை" என்றாள் இவள், கொஞ்சம் மிடுக்காகவே.

எழுத எழுதக் கை தானாக ஓடியது. அவள் படித்த கதைகளில் ஒரு சம்பவம் இன்னொன்றுக்குள் வழுக்கிக்கொண்டு போகுமே, அப்படிப் போயிற்று. "ஈரத்துணி யார் அனுப்பியது என்று கேட்டபோது, ரோலர் அண்ணன் தான்தான் அனுப்பியதாக உடனே ஒப்புக்கொண்டார். இன்னொருவர் அவரைத் திட்டி எழுதிப் பிறகு பயந்து அழித்துவிட்டார். வேண்டுமென்றே செய்தார் என்று கட்டுப் போடும் பெண் குற்றம் சாட்டினாள். மற்றவர்களும் அதை ஆமோதித்தார்கள்." திரும்பப் படித்துப் பார்த்தாள். ஒரு பிசிறு இல்லை. கடைசி வரியை மட்டும் அடித்து, "மற்ற எல்லோரும்" என்று மாற்றினாள். அது இன்னும் நிறைவாக இருந்தது.

மறுநாள் காலை சூப்பர்வைசர் அக்கா அதைப் படித்துவிட்டு அவள் தோளைத் தட்டினார். "கண்ணாடி மாதிரி இருக்குடி. இவ்வளவு நாளா உன்னைத் துணி மடிக்க விட்டிருக்கோமே."

அந்தப் பாராட்டு அவள் காதில் சூடாக இருக்கும்போதே அக்கா கூடத்துக்கு நடுவில் போய் நின்று மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"அண்ணே, நீங்க ரோலர விட்டுட்டு அழுக்குத்துணி பிரிக்கிற ரூமுக்குப் போங்க. பதில் கடிதத்துல உங்க பேரதான் எழுதப் போறேன். வேற வழியில்ல."

உருளைகள் சுற்றி ஓய்ந்தன. ரோலர் அண்ணன் கையிலிருந்த விரிப்பைக் கீழே விடாமல் கேட்டார். "ஏன்?"

"நீங்களே குரூப்ல ஒத்துக்கிட்டீங்களே. ஈரத்துணிய அனுப்பினது நான்தான்னு."

"நானா?"

அக்கா அச்சுக் காகிதத்தை நீட்டினார். வட்டமிட்ட இடத்தில் விரலை வைத்தார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, கேள்வியைப் படித்தார். கீழே தன் பெயரைப் படித்தார். தன் சொல்லைப் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். போனை எடுத்துப் பார்க்க அவருக்கு வழியில்லை. இடம் போதாத பழைய போன் என்பதால் குழுவின் பேச்சை அவ்வப்போது துடைத்துவிடுவார். கூடமே பார்த்துக்கொண்டு நின்றது.

"இருக்கும்" என்றார்.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, விரிப்பை நாலாக மடித்து, மடிப்பு மேசைமேல் சைலண்டின் எதிரே வைத்துவிட்டுப் போனார். அழுக்குத்துணி அறை என்பது வார்டுகளிலிருந்து வரும் இரத்தமும் மலமும் சீழும் பட்ட துணிகளைக் குனிந்து குனிந்து பிரிக்கிற இடம். முழங்கால் வலிக்காரர்களை அங்கே போடுவதில்லை. அதைவிடப் பெரியது அந்தக் கடிதம். பெயர் எழுதிப் போய்விட்டால் மருத்துவமனை அந்த ஆளைத் தன் துணியைத் தொடவிடாது. கூடத்துக்கு வருவதோ அந்த ஒரு மருத்துவமனையின் துணி மட்டும்தான். மேலாளர் சாயங்காலம் வந்து கையெழுத்துப் போட்டால் அண்ணனுக்கு வேலையே இல்லை.

டீ இடைவேளையில் ரேடியோ பாய்ந்து வந்தாள்.

"ஏண்டி, நான் குத்தம் சாட்டினேனா? ஆபீஸ் மேசைல கெடக்கறதப் படிச்சேன், எப்படி எழுதியிருக்க! அந்த மனுஷன் என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போறாரு, எனக்கு டீ இறங்கல."

"நீதானே எழுதியிருந்த, வேணும்னே பண்ண மாதிரி இருக்குன்னு."

"அது கேலிடி! உருண்டு சிரிக்கிற பொம்மை ரெண்டு போட்டிருந்தேனே, உன் கண்ணுல படலயா? குழந்தைங்க எப்படியும் நனைக்கப் போகுதுங்க, இவங்களே நனைச்சு அனுப்பிட்டாங்களேன்னு வேடிக்கையா சொன்னேன். உனக்குச் சிரிப்பு தெரியாட்டி, தெரிஞ்சவங்களக் கேக்கறது!"

காலிக் கட்டங்கள் சைலண்டின் நினைவுக்கு வந்தன. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு போனைத் திறந்து, அந்த மாலைவரைக்கும் மேலே தள்ளினாள். ரேடியோவின் வரி வந்தது. இரண்டு பொம்மைகளும் கண்ணில் நீர் தெறிக்கச் சிரித்துக்கொண்டிருந்தன.

அதற்குச் சற்று மேலே "நான்தான்" இருந்தது. அதன் தலைமேல் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் டிரைவரின் பெயர். அதன் கீழே: "ஸ்டோர் சாவிய எடுத்தது யாரு?"

பெட்டியைத் தொட்டாள். போன் அவளை மேலே, பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் மேலே, டிரைவரின் கேள்விக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. ரோலர் அண்ணன் வேலை நடுவே போனைப் பார்த்திருக்கிறார். சாவிக் கேள்வியைப் பிடித்து, அதற்குத்தான் பதில் போட்டிருக்கிறார். அதற்குள் கீழே வேறு கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டது. ஏற்றுமதி செய்த பேச்சில் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்கிற அந்தப் பெட்டி வருவதில்லை. நேர வரிசை மட்டும்தான் வரும். 'சரி'களையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்று பிறந்தநாள் கேக்குக்கு. இரண்டாவதற்கு மேல் அன்று காலையில் போட்ட ஷிப்ட் மாற்றம் இருந்தது. மூன்றாவதற்குப் பெட்டி இல்லை. எதற்கு என்று சொல்ல முடியவில்லை.

அவள் முகம் ரோலருக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் எரிந்தது. அவர் ஒரு சொல் மனிதர். அந்த ஒரு சொல், கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அது இந்தக் கூடத்தில் யாரைவிடவும் அவளுக்குத்தான் தெரியும். தெரிந்தும், எந்தக் கேள்வி என்று அவள் தேடவில்லை. தேடினால் எழுத்தின் ஓட்டம் நின்றிருக்கும். அவர் "இருக்கும்" என்று சொன்னதுதான் அவளைக் குடைந்தது. அவள் எழுதியதை அவரே நம்பிவிட்டார்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள் ரேடியோ. சைலண்ட் போனை அவளிடம் நீட்டினாள். ரேடியோ பார்த்தாள். பெட்டியை அவளும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, "ஓடுடி அக்காகிட்ட" என்றாள்.

சைலண்ட் அலுவலக அறை வாசலுக்குப் போனாள். உள்ளே கடிதம் தட்டச்சு ஆகிக்கொண்டிருந்தது. கதவைத் தட்ட மறந்து உள்ளே போய்விட்டாள்.

"அக்கா, அந்தக் கடிதத்த அனுப்பாதீங்க. நான் எழுதினது தப்பு."

சூப்பர்வைசர் அக்கா போனை வாங்கிப் பார்த்தார். பெட்டியைத் தொட்டார். திரும்பத் தொட்டார். இன்னும் ஆறாத வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"காலைல அத்தன பேர் முன்னாடி அந்த மனுஷன நிக்க வச்சேன்."

"ஆமாக்கா."

"ஒத்துக்கொண்டார்னு எழுதியிருக்க. உடனேன்னு வேற எழுதியிருக்க. அந்த உடனே எங்கருந்து வந்துச்சு?"

"அடுத்த வரியில இருந்துச்சு. அதான்."

"அழிச்ச மெசேஜ்ல திட்டியிருந்தாங்கன்னு எழுதியிருக்கியே, அத நீ அழிக்கறதுக்கு முன்னாடி படிச்சியா?"

"இல்லக்கா."

"பின்ன?"

"தெரியலன்னு எழுதினா, நான் சரியா படிக்கலன்னு நெனப்பீங்கன்னு..."

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. "நானும்தான் ஒரு பக்கத்த வச்சுக்கிட்டு ஆள மாத்தினேன்" என்று முணுமுணுத்துவிட்டு, அக்கா ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். "உக்காரு. இங்கயே எழுது. போனையும் பக்கத்துல வச்சுக்க."

இரண்டாவது எழுத்து நொண்டி நொண்டித்தான் நடந்தது. "ஈரத்துணியை அனுப்பியது யார் என்று குழுவில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. அதன் கீழே ரோலர் அண்ணன் 'நான்தான்' என்று எழுதியது ஸ்டோர் சாவி பற்றிய கேள்விக்கு. ஒரு செய்தி அழிக்கப்பட்டிருக்கிறது. அனுப்பியவர் பெயர் என்னிடம் இல்லை, அதில் என்ன இருந்தது என்று தெரியாது. கட்டுப் போடும் பெண் எழுதியது சிரிப்பு பொம்மைகளோடு இருக்கிறது. கேலியாகச் சொன்னேன் என்று இன்று என்னிடம் சொன்னாள். மூன்று 'சரி'களில் இரண்டு வேறு விஷயத்துக்கு. ஒன்று எதற்கு என்று தெரியவில்லை. படங்களை நான் பார்த்து எழுதவில்லை. குழுவில் இல்லாமல் நேரில் பேசியது எதுவும் இதில் இல்லை."

அக்கா படித்தார். "இத வச்சு நான் அவங்களுக்கு என்னன்னு பதில் எழுதறது?"

"யாருன்னு தெரியலன்னுதான்கா."

"அத எழுதறதுக்குத்தான் இவ்வளவு கூத்தா?" என்றார் அக்கா. ஆனாலும் அதைத்தான் எழுதினார். யார் அனுப்பியது என்று இதுவரை தெரியவில்லை, இனி வண்டி கிளம்பும் முன் ஒவ்வொரு துணிக்கட்டையும் தொட்டுப் பார்த்து அனுப்புகிறோம் என்று மேலாளர் கையெழுத்தோடு கடிதம் போயிற்று.

ரோலர் அண்ணனை அக்கா அழுக்குத்துணி அறை வாசலிலேயே நின்று கூப்பிட்டார். "அண்ணே, பழைய எடத்துக்கு வாங்க. ஒரு குழப்பமாயிடுச்சு." அவ்வளவுதான். மெஷினை நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் நிறுத்திச் சொன்னது அத்தனை பேருக்கும் கேட்டது. திரும்ப அழைத்தது இரண்டு பேருக்குக்கூடக் கேட்கவில்லை. "அக்காவுக்கு இரக்கம் வந்துடுச்சு போல" என்று வண்டி தள்ளுகிறவர்களில் ஒருவன் சொல்லிக்கொண்டு போனான்.

அது சைலண்டின் காதில் விழுந்தது. அவள் போனை எடுத்தாள். அவருடைய "நான்தான்" என்ற செய்தியைப் பிடித்து, அதற்குப் பதிலாகவே எழுத ஆரம்பித்தாள், பெட்டி எல்லோருக்கும் தெரியட்டும் என்று. "அண்ணன் சாவி எடுத்ததைத்தான் சொன்னார். ஈரத்துணியைச் சொல்லவில்லை. தப்பாகப் படித்து எழுதியது நான். அண்ணன் மன்னிக்கணும்." அனுப்பினாள். அந்தக் குழுவில் அவள் எழுதிய முதல் செய்தி அது.

"சைலண்ட் பேசுதுடா!" என்று யாரோ போட்டார்கள். கைத்தட்டல், பட்டாசு, நடனமாடும் பூனை. "நெட்வொர்க் இப்பதான் கெடச்சுதா?" என்று இன்னொருவர். கும்மாளம் ஓயும்போது அவளுடைய செய்தி மேலே எங்கோ போயிருந்தது. எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியவில்லை.

ஆகவே அடுத்த டீ நேரத்தில் எழுந்து நின்று அதையே வாயால் சொன்னாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "சத்தமா சொல்லுடி" என்றாள் ரேடியோ. இரண்டாம் தடவை சொன்னாள். அது சரியாகக் கேட்டது. பின்வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்த ரோலர் அண்ணன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, அவளைக் கடந்து போகும்போது நின்றார்.

"நானே நம்பிட்டேம்மா. அன்னிக்கு உடம்பு அசதி. ஒருவேள நான்தான் அனுப்பிட்டு மறந்துட்டேனோன்னு காலைலருந்து யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

இப்போது அவர் ரோலரில்தான் நிற்கிறார். ஈரத்துணியை அனுப்பியது யார் என்று இன்றுவரை தெரியாது. குழுவில் யார் எதைக் கேட்டாலும் அவர் முழு வாக்கியமாக எழுதுகிறார்: "நேற்று சாயங்காலம் மூன்றாம் நம்பர் வண்டியைக் கதவோரம் நிறுத்தியது நான்தான், வேறு எதுவும் எனக்குத் தெரியாது." சிரிக்கிறார்கள். யாராவது விடுப்பிலிருந்து வந்து என்ன நடந்தது என்று கேட்டால், எழுதித் தரும் வேலை இன்னும் சைலண்டுக்குத்தான் வருகிறது. காகிதத்தையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறாள். மற்றவர்கள் சாப்பிட்டாச்சா என்று கேட்டால் அண்ணன் பழையபடி "ஆச்சு" என்கிறார். அவள் கேட்டால் மட்டும், "சாப்பிட்டேம்மா, வீட்லருந்து கொண்டுவந்தத இப்பதான் சாப்பிட்டேன்" என்கிறார்.